“என் போன் ஆண்ட்ராய்டு 10 என்று உங்களுக்கு யார் சொன்னது?” – கேட்கும் பயனருக்கு விளக்குவது எப்படி

கணக்கில் புதிதாக ஒரு உள்நுழைவு நடந்தால் பயனருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. அதில் “சாதனம்: ஆண்ட்ராய்டு 10, குரோம்” என்று ஒரு வரி. பயனர் தன் போனின் அமைப்புகளைத் திறந்து பார்க்கிறார். அங்கே ஆண்ட்ராய்டு 14 என்று இருக்கிறது. உடனே எழுதிக் கேட்கிறார்: “என் போன் 14. நீங்கள் 10 என்கிறீர்கள். நுழைந்தது நானா, வேறு யாராவதா? அதெல்லாம் போகட்டும், நான் என்ன போன் வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

உதவிப் பிரிவில் புதிதாக உட்காருபவர்களைத் தடுமாற வைக்கும் கேள்வி இது. உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: ஊகம் எங்கிருந்து வந்தது, ஏன் தப்பாக வந்தது, இதனால் பயப்பட வேண்டுமா. மூன்றுக்கும் பதில் ஒரே வரியில் இருக்கிறது. அந்த வரியைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தச் சொல் எந்த முடிவுக்குக் காரணம் என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டு போனில் குரோம் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொண்டு அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: மூல வரியை எடுங்கள்

மின்னஞ்சலில் இருக்கும் “ஆண்ட்ராய்டு 10, குரோம்” என்பது சமைத்து வைத்த சோறு. அரிசியைப் பார்க்காமல் பதில் எழுதாதீர்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், பக்கத்தைக் கேட்கும் கோரிக்கையோடு பிரவுசர் தன்னைப் பற்றி ஒரு வரி சேர்த்து அனுப்பும். அதன் பெயர் `User-Agent`. சர்வர் லாக்கில் அந்த உள்நுழைவின் நேரத்தைத் தேடினால் அது அப்படியே கிடைக்கும். நம் பயனருக்கு அது இப்படி இருக்கும்:

```
Mozilla/5.0 (Linux; Android 10; K) AppleWebKit/537.36 (KHTML, like Gecko) Chrome/126.0.0.0 Mobile Safari/537.36
```

லாக் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் பயனரையே பார்க்கச் சொல்லலாம். குரோமின் முகவரிப் பட்டையில் `chrome://version` என்று தட்டினால் வரும் பக்கத்தில் `User Agent` என்று ஒரு வரி இருக்கும். ஆனால் இதில் ஒரு கவனம் வேண்டும். அவர் இப்போது பார்ப்பது இப்போது கையில் இருக்கும் பிரவுசரின் வரி. உள்நுழைவு நடந்தது வேறு பிரவுசரிலோ ஒரு ஆப்புக்குள்ளோ இருந்தால் இரண்டும் பொருந்தாது. ஆகவே லாக் கிடைக்கும்போது லாக்கையே நம்புங்கள்.

இரண்டாம் படி: வரியைத் துண்டுதுண்டாகப் படியுங்கள்

புதியவர்கள் இந்த வரியைப் பார்த்ததும் மிரண்டுபோவதற்குக் காரணம், இதில் பாதிக்கு மேல் வெறும் பழங்கணக்கு. 1990-களில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் தன்னை `Mozilla` என்று சொல்லிக்கொண்டது. சில தளங்கள் அந்தப் பெயரைப் பார்த்தால்தான் நல்ல பக்கத்தை அனுப்பின. அதனால் பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தன்னை `Mozilla` என்றே சொல்லிக்கொண்டது. பிறகு சஃபாரி வந்தபோது, மொசில்லா பிரவுசர்களின் உள் இயந்திரமான `Gecko` போன்றது என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. 2008-இல் வந்த குரோம் தன்னை சஃபாரி என்றும் சேர்த்துச் சொன்னது. யாரும் பழைய பெயரை எடுக்கத் துணியவில்லை. எடுத்தால் ஏதாவது ஒரு பழைய தளம் உடையும். எனவே `Mozilla/5.0`, `AppleWebKit/537.36`, `KHTML, like Gecko`, `Safari/537.36` ஆகிய நான்கையும் விரல் வைத்து மறைத்துவிடுங்கள். பயனரின் போனைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

மிஞ்சுவது இவ்வளவுதான்: `Linux; Android 10; K`, `Chrome/126.0.0.0`, `Mobile`.

`Mobile` என்ற சொல் இருப்பதால் இது போன் என்று முடிவாகிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் குரோம் அனுப்பும் வரியில் அந்தச் சொல் இருக்காது. `Chrome/126` என்பதால் குரோம், 126-ஆம் பதிப்பு. பின்னால் வரும் `0.0.0` உண்மையான எண்கள் அல்ல. 2022-இல் வந்த 101-ஆம் பதிப்பிலிருந்து குரோம் முதல் எண்ணை மட்டும் உண்மையாகச் சொல்லிவிட்டு, மற்றதைப் பூஜ்யமாக்கி அனுப்புகிறது.

பயனரின் குழப்பத்துக்கு மூலம் `Android 10; K`. ஒரு காலத்தில் இந்த இடத்தில் உண்மையான ஆண்ட்ராய்டு பதிப்பும் போனின் மாடல் எண்ணும் இருந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொருவரும் இவ்வளவு விவரம் கொடுத்துக்கொண்டே போனால், பெயர் கேட்காமலேயே ஒரு ஆளைக் கூட்டத்தில் அடையாளம் கண்டு பின்தொடர முடியும். அதைக் குறைக்கத்தான் 2023-இல் வந்த 110-ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு குரோம் இந்த இரண்டையும் உறைய வைத்தது. போனில் 12 இருந்தாலும் 14 இருந்தாலும் `Android 10` என்றுதான் போகும். எந்த நிறுவனத்தின் எந்த மாடலாக இருந்தாலும் `K` என்ற ஒற்றை எழுத்துதான் போகும். `K`-க்குப் பொருள் தேட வேண்டாம். அது இடத்தை நிரப்ப வைத்த எழுத்து.

ஆக, “ஆண்ட்ராய்டு 10” என்று மின்னஞ்சலில் எழுதிய நிரல் பொய் சொல்லவில்லை, வரியில் இருந்ததை அப்படியே ஒப்பித்தது. உறைந்த எண் என்று தெரிந்து அதைக் காட்டாமல் விட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் மீது வைக்கக்கூடிய குறை.

மூன்றாம் படி: பிரவுசர் பெயர் எப்படி முடிவானது என்று பாருங்கள்

இதே வரியில் `Chrome`-உம் இருக்கிறது, `Safari`-உம் இருக்கிறது. நிரல் ஏன் குரோம் என்றது? பெயர்களை ஒரு வரிசைப்படி தேடுகிறது. முதலில் எது அகப்படுகிறதோ அதோடு நிறுத்திவிடுகிறது. வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
EdgA/ , Edg/      -> எட்ஜ்
OPR/              -> ஓபரா
SamsungBrowser/   -> சாம்சங் இன்டர்நெட்
Chrome/           -> குரோம்
Safari/           -> சஃபாரி
```

எட்ஜ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே குரோமின் அடித்தளத்தில் கட்டியவை என்பதால் அவற்றின் வரியிலும் `Chrome/` இருக்கும். அதனால்தான் அவற்றை முதலில் தேட வேண்டியிருக்கிறது. வரிசை தப்பினால் எல்லோரும் குரோம் ஆகிவிடுவார்கள். இன்னும் தப்பினால் எல்லோரும் சஃபாரி.

“நான் குரோமே பயன்படுத்துவதில்லை, பிரேவ்தான்” என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்காதீர்கள். பிரேவ் தன் பெயரை இந்த வரியில் சேர்ப்பதில்லை; குரோம் போலவே அனுப்புகிறது. வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஐபோனில் குரோம் வைத்திருப்பவருக்கு வேறொரு சிக்கல். அங்கே `Chrome/` என்ற சொல்லே வராது, `CriOS/` என்று வரும். அந்தச் சொல்லை அறியாத பழைய நிரல் கீழே இறங்கிப் போய் சஃபாரி என்று சொல்லிவிடும்.

நான்காம் படி: வேறு வழியாக ஏதாவது தெரிந்ததா என்று பாருங்கள்

அதே பயனர் அடுத்த வாரம் கேட்கலாம்: “அன்றைக்கு 10 என்றீர்கள். இன்றைக்கு மின்னஞ்சலில் ஆண்ட்ராய்டு 14, போன் மாடல் வரை சரியாக வந்திருக்கிறதே!” இதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும்.

ஒன்று, சர்வர் கேட்டு வாங்கியது. `User-Agent` வரியைச் சுருக்கிய குரோம், தேவைப்படும் தளம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று இன்னொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. சர்வர் தன் பதிலில் இதைச் சேர்க்கும்:

```
Accept-CH: Sec-CH-UA-Platform-Version, Sec-CH-UA-Model
```

அதைப் பார்த்த குரோம், அதற்குப் பிறகு போகும் கோரிக்கைகளில் இப்படிச் சேர்த்து அனுப்பும்:

```
Sec-CH-UA-Platform-Version: "14.0.0"
Sec-CH-UA-Model: "SM-A546E"
```

கேட்ட பிறகுதான் வரும் என்பதைக் கவனியுங்கள். முதல் கோரிக்கையில் சாதாரணமாக இது இருக்காது. அதனால் முதல் முறை 10, பிறகு 14 என்று ஒரே போன் இரண்டு விதமாகப் பதிவாவது இயல்பு. தவிர இது `https` முகவரிகளில் மட்டும்தான் வேலை செய்யும். பயர்பாக்ஸும் சஃபாரியும் இதை அனுப்புவதில்லை. இன்னொன்று: `SM-A546E` என்பது மாடல் எண். அதை “கேலக்ஸி ஏ54” என்று மாற்றியது நம் பக்கத்தில் இருக்கும் ஒரு அட்டவணை. அட்டவணை பழசாக இருந்தால் புதுப் போனுக்குப் பெயர் கிடைக்காது, அல்லது வெறும் எண் மட்டும் வரும்.

இரண்டாவது காரணம், அவர் ஒரு ஆப்புக்குள்ளிருந்து நுழைந்தது. அரட்டை ஆப்பில் வந்த இணைப்பைத் தொட்டால் சில ஆப்கள் குரோமைத் திறக்காமல் தங்களுக்குள்ளேயே பக்கத்தைக் காட்டும். அந்த உள் பிரவுசர் அனுப்பும் வரியில் `; wv)` என்று ஒரு துண்டு இருக்கும். பெரும்பாலும் பழைய முறைப்படி உண்மையான ஆண்ட்ராய்டு எண்ணும் மாடல் எண்ணும் அதில் இருக்கும். ஒரே போன் கணக்கின் பட்டியலில் இரண்டு சாதனங்களாகத் தெரிவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. “அந்த நேரத்தில் ஏதாவது ஆப்பில் வந்த இணைப்பைத் தொட்டீர்களா?” என்ற ஒரு கேள்வியில் பாதிப் புகார்கள் அடங்கிவிடும்.

ஊர்ப் பெயரை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மின்னஞ்சலில் ஊர் இருந்தால் அது ஐபி முகவரியிலிருந்து வந்த தனி ஊகம். சாதன வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாதனம் சரியாகவும் ஊர் தப்பாகவும் இருக்கலாம்; நேர்மாறாகவும் இருக்கலாம். பதிலில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் பயனர் ஒன்றின் தவறை மற்றதன் மேலும் ஏற்றிவிடுவார்.

ஐந்தாம் படி: எதை எவ்வளவு நம்பலாம் என்று பிரியுங்கள்

பதில் எழுதும் முன் தாளில் ஐந்து வரி எழுதிக்கொள்வது நல்லது. நம் பயனருக்கு: போன் என்பது வலுவானது, `Mobile` இருக்கிறது. ஆண்ட்ராய்டு குடும்பம் என்பதும் வலுவானது. குரோம் 126 என்பது வலுவானது, ஆனால் பிரேவ் போன்றவையாகவும் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 10 என்பதற்கு மதிப்பே இல்லை. மாடலோ தெரியவே தெரியாது.

இவை அனைத்துமே பிரவுசர் தன்னைப் பற்றித் தானே சொன்னவை. விரும்பினால் யாரும் இந்த வரியை மாற்றி அனுப்பலாம். எனவே “உங்கள் போன்தான் என்று உறுதியாகிவிட்டது” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். “உங்கள் போனிலிருந்து வந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது” என்பதுதான் நீங்கள் சொல்லக்கூடிய அதிகபட்சம்.

ஆறாம் படி: பதிலை எழுதுங்கள்

`User-Agent` என்ற சொல்லைப் பதிலில் கொண்டுவரத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் போனுக்குள் நாங்கள் எதையும் பார்க்கவில்லை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் பிரவுசர் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பும். நேற்று இரவு 9.40-க்கு எங்களுக்கு வந்த வரியில் மூன்று விவரங்கள் இருந்தன: போன், ஆண்ட்ராய்டு, குரோம் 126. ஆண்ட்ராய்டு 10 என்ற எண்ணும் அதே வரியில் இருந்தது. ஆனால் குரோம் தனியுரிமைக்காக எல்லா ஆண்ட்ராய்டு போனிலிருந்தும் 10 என்றே அனுப்புகிறது. உங்கள் போனில் 14 இருந்தாலும் எங்களுக்கு 10 என்றுதான் வரும். அந்த எண்ணை மின்னஞ்சலில் காட்டியது எங்கள் பக்கத்துக் குறை. எங்களுக்குத் தெரியாதது: போனின் மாடல் எது என்பது. இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நேற்று இரவு 9.40 வாக்கில் உங்கள் போனில் குரோம் வழியாகக் கணக்கைத் திறந்தீர்களா?”

கடைசிக் கேள்வி இல்லாமல் அனுப்பாதீர்கள். எண் ஏன் தப்பு என்பது அவருடைய ஆர்வத்துக்குப் பதில். நுழைந்தது அவர்தானா என்பதற்கு அவருடைய நினைவுதான் பதில் சொல்ல வேண்டும்.

நம்பாமல் மறுபடி கேட்பவர்களுக்குக் கைவசம் ஒரு சோதனை இருக்கிறது. குரோமின் மூன்று புள்ளி மெனுவில் கணினித் தளமாகக் காட்டு என்ற தேர்வு இருக்கும். அதைத் தொட்டு, சாதனத்தைக் காட்டும் பக்கத்தை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். இப்போது அந்தப் போன் லினக்ஸ் கணினியாகத் தெரியும். காரணம், அந்தத் தேர்வை வைத்ததும் குரோம் அடைப்புக்குள் `X11; Linux x86_64` என்று எழுதி அனுப்புகிறது. கையில் இருப்பது அதே போன், மாறியது வரி மட்டும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. லாக்கில் 10 என்று பார்த்ததும், “உங்கள் போன் பழைய பதிப்பில் இருக்கிறது, அப்டேட் செய்யுங்கள்” என்று எழுதிவிடுவார்கள். அப்டேட் செய்தே வைத்திருக்கும் பயனருக்கு அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதிலும் நம்பிக்கை இருக்காது.

இதே கேள்வி வேறு சாதனங்களில்

விண்டோஸ் 11 வைத்திருப்பவருக்கு விண்டோஸ் 10 என்று காட்டும். இரண்டு பதிப்புகளிலிருந்தும் `Windows NT 10.0; Win64; x64` என்று ஒரே மாதிரி வருவதுதான் காரணம். சர்வர் கேட்டால் குரோமும் எட்ஜும் `Sec-CH-UA-Platform-Version` அனுப்பும். அதில் முதல் எண் 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது விண்டோஸ் 11. பயர்பாக்ஸ் வழியாக வந்தால் பிரிக்க முடியாது, “விண்டோஸ் 10 அல்லது 11” என்று சொல்வதே நேர்மை.

ஐபேட் வைத்திருப்பவருக்கு மேக் என்று வரும். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13-இலிருந்து சஃபாரி, ஐபேடில் கணினிப் பக்கத்தையே கேட்கிறது. அதற்காகத் தன்னை `Macintosh` என்று சொல்லிக்கொள்கிறது. பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் `navigator.maxTouchPoints` என்று கேட்டால் ஐபேட் 5 என்றும் மேக் 0 என்றும் சொல்லும். சர்வர் லாக்கை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக் “இன்டெல் மேக்” என்று பதிவாவதும் இதே வகை. `Intel Mac OS X 10_15_7` என்பது உறைந்துபோன சொல்.

ஐபோனின் மாடல் அந்த வரியில் வருவதில்லை, `iPhone` என்று மட்டும் வரும். “ஐபோன் 13” என்று எங்காவது காட்டியிருந்தால் அது பெரும்பாலும் திரை அளவை வைத்துச் சொன்னது. 390-க்கு 844 என்ற அளவு ஐபோன் 12, 13, 14 மூன்றிலும் ஒன்றே. எனவே 14 வைத்திருப்பவருக்கு 13 என்று வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எப்போது சமாதானம் சொல்லக் கூடாது

மேலே சொன்ன பொருத்தமின்மைகள் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. இந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் “பிரவுசர் அப்படித்தான் அனுப்பும்” என்று தள்ளிவிடும் அபாயமும் இருக்கிறது. எனவே வரியைத் திரும்பப் பாருங்கள். அவரிடம் ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் இருக்கிறது, லாக்கிலோ `Windows NT 10.0` என்று இருக்கிறது. கணினித் தளமாகக் காட்டும் தேர்வு இதை விளக்காது. அது லினக்ஸ் என்றுதான் அனுப்பும், விண்டோஸ் என்று அனுப்பாது. அதுபோல ஆண்ட்ராய்டு மட்டும் உள்ளவருக்கு `iPhone` என்று வந்தால் உறைந்த எண் எதுவும் அதற்குக் காரணமாக முடியாது. ஐபோன் வைத்திருப்பவருக்கு `Macintosh` என்று வந்தால் கணினிப் பக்கத்தைக் கேட்டாரா என்று விசாரியுங்கள். ஆண்ட்ராய்டுக்காரருக்கு அந்த விளக்கமும் கிடையாது.

பதிப்பு எண் மாறினால் விளக்கம் சொல்லலாம். குடும்பமே மாறி, அலுவலகக் கணினி, வீட்டார் சாதனம் என்று கேட்டும் எதுவும் பொருந்தவில்லை என்றால், அது வேறொருவர் நுழைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மேலே உள்ள மாதிரிப் பதிலை அனுப்ப வேண்டாம். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கச் சொல்லுங்கள். அந்த மூல வரியை நேரத்தோடு சேர்த்து அவர் புகாரிலேயே பதிந்து வையுங்கள்.